விலை ஏறினால் வேலை ஏன் பெருகுது? கூலி ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும் பதில்

(ஒலிப்பதிவிலிருந்து கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதியது.)

ஒரு சின்ன சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன். போன ஏப்ரல்ல எனக்கு ஹைக் லெட்டர் வந்துச்சு. எட்டு சதவீதம். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஜூன்ல வீட்டு ஓனர் வாடகையை ஏத்தினார். ஆகஸ்ட்ல மெஸ்ல சாப்பாட்டு விலை ஏறிச்சு. ஆனா லெட்டர்ல இருந்த நம்பர் மட்டும் அடுத்த ஏப்ரல் வரைக்கும் அசையவே இல்லை.

அப்போதான் ஒரு விஷயம் உறைச்சுது. சம்பளம்னு நாம நினைக்கிறது உண்மையில ஒரு கணிப்பு. அடுத்த பன்னிரண்டு மாசம் விலைவாசி இப்படித்தான் இருக்கும்னு நானும் கம்பெனியும் சேர்ந்து நினைச்சு எழுதிக்கிட்டது. கணிப்பு தப்பினா நான் நஷ்டப்படுவேன், அது எனக்குப் புரியுது. எதிர்ப்பக்கம் என்ன ஆகும்? புது விலைக்கு வித்து, பழைய கூலியைக் கொடுக்கிற முதலாளி என்ன செய்வார்? ஒரு நாட்டுல எல்லா முதலாளியும் ஒரே நேரத்துல அந்த நிலைமையில இருந்தா?

பொருளாதாரப் பாடத்துல இதுக்குப் பேரு குறுகிய கால மொத்த அளிப்பு. நமக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியும் இதுதான்: “பணவீக்கம் திடீர்னு எகிறினா உற்பத்தி நாட்டோட முழுத் திறனைத் தாண்டிப் போகும்னு புத்தகத்துல போட்டிருக்கு. முழுத் திறனையே எப்படிங்க தாண்ட முடியும்?” நல்ல கேள்வி. அங்கேயே தொடங்கலாம்.

முழுத் திறன் என்பது உச்சவரம்பு இல்லை

புத்தகத்துல பொடென்ஷியல் அவுட்புட்னு ஒரு வார்த்தை வரும். அதை முழுத் திறன்னு மொழிபெயர்த்தா குழப்பம்தான் வரும். அது ‘இதுக்கு மேல முடியாது’ங்கிற அளவு இல்லை. ‘இயல்பா இந்த அளவுல நிக்கும்’ங்கிற அளவு. சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும். எழுபது சதவீத லோடுல ஓட்டணும்னு திட்டம் போட்டிருப்போம். தீபாவளி சேல் வந்தா தொண்ணூறுலயும் ஓடும். மாசக்கணக்கா அப்படி ஓட்ட மாட்டோம், ஆனா முடியும்.

நாடும் அப்படித்தான். எப்பவும் கொஞ்சம் பேர் ஒரு வேலையை விட்டு அடுத்ததைத் தேடிக்கிட்டு இருப்பாங்க. மெஷினை நிறுத்தி சர்வீஸ் பண்ணுவாங்க. இரண்டாவது ஷிஃப்ட் ஓடாது. இதெல்லாம் இயல்பு நிலை. நான் சொல்ற விளக்கத்துல இந்த இயல்பு அளவுக்கு ஒரு முக்கியமான அடையாளம் இருக்கு: விலைவாசி பற்றி யாரும் ஏமாறாம இருக்கும்போது வர்ற உற்பத்தி அது. கூலியை எந்த விலைவாசியை நினைச்சு எழுதினாங்களோ, அதே விலைவாசி வந்திருக்கும்.

ஒரு தொழிற்சாலையோட கணக்கு

ஒரு கற்பனைத் தொழிற்சாலை எடுத்துக்குவோம். காருக்கு சீட் ஸ்பிரிங் செய்யுது. ஏன் கார்னு பிறகு சொல்றேன். மூலப்பொருள் செலவு போக ஒரு ஸ்பிரிங்குக்கு 10 டாலர் கையில நிக்குது. தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி 40 டாலர். இது மூணு வருஷ ஒப்பந்தம், நடுவுல மாறாது.

இங்கே 50 பேர் வேலை செய்யறாங்க. ஐம்பதாவது ஆள் வந்ததால ஒரு நாளைக்குக் கூடுதலா கிடைச்சது 4 ஸ்பிரிங். நாலை பத்தால பெருக்கினா 40 டாலர், சரியா அவர் கூலி. அடுத்து ஒருத்தரைச் சேர்த்தா? இடமும் மெஷினும் அதே அளவுதான். புதுசா வர்றவர் மத்தவங்களோட மெஷினைப் பங்கு போட்டுக்கணும். அதனால ஒவ்வொரு கூடுதல் ஆளும் முந்தினவரைவிட 0.06 ஸ்பிரிங் குறைவாத்தான் சேர்ப்பார்னு வச்சுக்குவோம். ஐம்பத்தொண்ணாவது ஆள் 3.94 சேர்ப்பார். அது 39 டாலர் 40 சென்ட். கூலி 40. கட்டுபடியாகாது. அதனால முதலாளி ஐம்பதுலயே நிறுத்திடறார்.

இப்போ யாரும் எதிர்பார்க்காம நாடு முழுக்க விலை பத்து சதவீதம் ஏறுது. ஸ்பிரிங் 11 டாலர். கூலி 40-லயே நிக்குது, ஒப்பந்தம் இருக்கே. இப்போ ஒரு ஆளைச் சேர்க்க அவர் எத்தனை ஸ்பிரிங் செஞ்சா போதும்? நாற்பதைப் பதினொண்ணால வகுத்தா சுமார் 3.64. ஐம்பத்தாறாவது ஆள் சரியா 3.64 சேர்ப்பார், அது 40 டாலர் 4 சென்ட். எடுக்கலாம். ஐம்பத்தேழாவது ஆள் 3.58, அது 39 டாலர் 38 சென்ட். வேண்டாம். ஆக 50 பேர் இருந்த இடத்துல இப்போ 56 பேர்.

முதலாளி நல்லவரா மாறலை. புது மெஷின் வரலை. தொழிலாளி திறமை கூடலை. நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்: ஸ்பிரிங் கணக்குல பார்த்தா தொழிலாளி மலிவாயிட்டார். முன்னாடி ஒருத்தரோட ஒரு நாள் கூலிக்கு 4 ஸ்பிரிங் விக்க வேண்டியிருந்துச்சு, இப்போ 3.64 போதும். இதைத்தான் உண்மைக் கூலி குறைஞ்சதுன்னு சொல்றோம். இதே கணக்கை எல்லாத் தொழிற்சாலையும் ஒரே சமயத்துல போட்டா, நாட்டோட உற்பத்தி இயல்பு அளவைத் தாண்டுது.

ஒரு சந்தேகம் வரும். உண்மைக் கூலி குறைஞ்சா தொழிலாளிகள் ஏன் வேலைக்கு வரணும்? இந்த மாடல்ல ஒப்பந்தம் கூலியைத்தான் நிர்ணயிக்குது. எத்தனை பேர்ங்கிறதை முதலாளி முடிவு பண்றார். வெளியே வேலை தேடிக்கிட்டு நிக்கிற ஆறு பேருக்கு, கொஞ்சம் தேய்ஞ்ச 40 டாலரும் வேலை இல்லாம இருக்கிறதைவிட மேல். அவங்க வருவாங்க. உள்ளே இருக்கிற ஐம்பது பேருக்குத்தான் மனசுல முள். அந்த முள்ளை ஞாபகம் வச்சுக்கோங்க.

விலை ஏறுறது போதாது, ஏமாத்தணும்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும்.

அதே தொழிற்சாலை, அதே பத்து சதவீத விலையேற்றம். ஆனா இந்த முறை ஒப்பந்தம் போடும்போதே எல்லாருக்கும் தெரியும். அப்போ சங்கம் 40-க்குக் கையெழுத்துப் போடாது, 44 கேட்கும். முதலாளியும் ஒத்துக்குவார், ஏன்னா ஸ்பிரிங் 11-க்கு விக்கப்போகுதுன்னு அவருக்கும் தெரியும். நாற்பத்து நாலைப் பதினொண்ணால வகுத்தா 4. ஐம்பதாவது ஆளோட நிக்கும். விலை ஏறிச்சு, கூலி ஏறிச்சு, உற்பத்தி ஒரு ஸ்பிரிங்கூட கூடலை.

இப்போ தலைகீழா ஒண்ணு. விலை ஏறும்னு நம்பி 44 டாலர்னு எழுதிட்டாங்க. ஆனா விலை 10-லயே நின்னுடுச்சு. இப்போ ஒரு ஆள் 4.4 ஸ்பிரிங் சேர்த்தாத்தான் கட்டுபடியாகும். கணக்குப் போட்டா 43 பேரோட நின்னுடும். ஏழு பேருக்கு வேலை போச்சு. விலை இறங்கவே இல்லை, எதிர்பார்த்த அளவுக்கு ஏறலை, அவ்வளவுதான். பணவீக்கத்தைத் திடீர்னு அடக்கும்போது வேலையின்மை ஏன் கூடுதுங்கிறதுக்கும் இதே கணக்குதான் பதில்.

இதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில எழுதும்:

`Y = Y* + a(P − Pe)`

`Y` உண்மையில வந்த உற்பத்தி. `Y*` இயல்பு அளவு. `P` வந்த விலைவாசி, `Pe` ஒப்பந்தம் எழுதும்போது எதிர்பார்த்த விலைவாசி. `a` என்கிறது, ஏமாற்றத்துக்கு உற்பத்தி எவ்வளவு அசையும்ங்கிற அளவு. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது விலை இல்லை, விலைக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அது பூஜ்யம்னா, விலை எங்கே இருந்தாலும் உற்பத்தி `Y*`தான்.

1967: எட்டு சென்ட் பூட்டு

இப்போ ஏன் காரை எடுத்தேன்னு சொல்றேன். இந்த முழுக் கதையும் அமெரிக்கக் கார் தொழில்ல, ஒரு ஒப்பந்தத்தோட ஆயுளுக்குள்ள, கண்ணுக்குத் தெரியற மாதிரி நடந்திருக்கு.

அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம், சுருக்கமா யுஏடபிள்யூ, 1948-லேயே ஜெனரல் மோட்டார்ஸ்கூட ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு செஞ்சிருந்தது. விலைவாசிக் குறியீடு ஏறினா கூலியும் தானா ஏறும். நம்ம ஊர்ல அரசு ஊழியர்களுக்கு வர்ற அகவிலைப்படி மாதிரி. இதோட, உற்பத்தித்திறன் கூடுறதுக்காக வருஷா வருஷம் தனியா ஒரு உயர்வும் உண்டு.

1967-ல புது மூணு வருஷ ஒப்பந்தம் பேசும்போது, நிறுவனங்கள் அந்தப் பஞ்சப்படிக்கு ஒரு உச்சவரம்பு கேட்டன. சங்கம் வேற சில சலுகைகளை வாங்கிக்கிட்டு ஒத்துக்கிட்டது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும், அதுக்காக வருஷத்துக்கு மணிக்கு 8 சென்ட்டுக்கு மேல தரவேண்டியதில்லை. அன்றைய மணிக்கூலியில் அது சுமார் 2 சதவீதம்.

இன்னைக்குப் பார்த்தா, எப்படி ஒத்துக்கிட்டாங்கன்னு தோணும். ஆனா அவங்க இடத்துல நின்னு பாருங்க. 1961-லிருந்து 1965 வரை அமெரிக்காவில் பணவீக்கம் வருஷத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. அந்த மாதிரி வருஷங்கள்ல 8 சென்ட் பூட்டு யாரையும் கடிக்காது. 1966-லயும் 67-லயும் சுமார் 3 சதவீதம் வரை வந்திருந்தது. ஆனா அது தற்காலிகம்னு நினைக்க இடம் இருந்துச்சு. ஒப்பந்தத்துக்குள்ள ஒரு `Pe` எழுதியாச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? வியட்நாம் போர்ச் செலவும் உள்நாட்டு நலத்திட்டச் செலவும் சேர்ந்து ஓடிக்கிட்டிருந்தன. அதுக்கு ஈடா வரியை உயர்த்துறது 1968 நடுப்பகுதி வரை தள்ளிப்போனது. எல்லாப் பக்கமும் வாங்குறவங்க கூட்டம். பணவீக்கம் 1968-ல் சுமார் 4.2 சதவீதம், 1969-ல் சுமார் 5.5 சதவீதம். பூட்டு 2 சதவீதத்துல நிக்குது.

மொத்த அமெரிக்காவையும் பாருங்க. 1969-ல் வேலையின்மை 3.5 சதவீதத்துக்கு இறங்கிச்சு. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தோட பட்ஜெட் அலுவலகம் போட்ட மதிப்பீடுகள்படி, 1960-களோட பின்பாதியில் உற்பத்தி இயல்பு அளவுக்கு மேலேயே ஓடிக்கிட்டிருந்தது. நம்ம தொழிற்சாலையோட ஐம்பத்தாறு பேர் கதை, நாடு அளவுல.

ஒரே ஒரு கார் ஒப்பந்தத்தால அமெரிக்கா முழுக்க வேலை பெருகிச்சுன்னு நான் சொல்லலை. நாடு முழுக்க இருந்த ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள்ல இது ஒண்ணு. பழைய விலைவாசியை நினைச்சு எழுதின கூலி எப்படி இருக்கும்னு இதுல எட்டு சென்ட்னு எண்ணாவே பார்க்க முடியுது, அதுக்காகத்தான் எடுத்தேன்.

முள் வெளியே வந்த நாள்

1967 டிசம்பர்ல, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தோட தலைவர் உரையில மில்டன் ஃபிரீட்மன் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். பணவீக்கத்தைக் கொடுத்து வேலைவாய்ப்பை வாங்குறது தற்காலிக வியாபாரம், மக்கள் எதிர்பார்ப்பை மாத்திக்கிட்டதும் வாங்கினது கைவிட்டுப் போகும், பணவீக்கம் மட்டும் மிச்சம் இருக்கும்ங்கிறது அவர் வாதத்தோட சாரம். எட்மண்ட் ஃபெல்ப்ஸும் அதே காலத்துல தனியா இதே முடிவுக்கு வந்திருந்தார்.

1970 செப்டம்பர் 14-ஆம் தேதி நள்ளிரவு, அந்த மூணு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சது. அடுத்த நாள் ஜெனரல் மோட்டார்ஸ்ல சுமார் 4 லட்சம் பேர் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. 67 நாள். பூட்டு இல்லாம பழைய ஏற்பாடே தொடர்ந்திருந்தா கூலி மணிக்கு 26 சென்ட் கூடுதலா இருந்திருக்கும்னு சங்கம் கணக்குக் காட்டிச்சு. அதைத் திரும்பக் கொடு, பூட்டை எடு, இது முக்கியமான கோரிக்கை. கடைசியில் பூட்டு போச்சு. கூலியும் நல்லா உயர்ந்துச்சு.

அந்த 26 சென்ட்தான் நான் சொன்ன முள். மூணு வருஷமா `P`-க்கும் `Pe`-க்கும் இருந்த இடைவெளியோட பில் அது.

கூலி எகிறினதும் நம்ம தொழிற்சாலைக் கணக்கு திரும்ப ஓடும். ஸ்பிரிங் 11 டாலர், கூலி 44. ஐம்பத்தாறாவது ஆள் இனிமே கட்டுபடியாக மாட்டார். உற்பத்தி இயல்பு அளவுக்குத் திரும்பும், ஆனா விலை பழைய இடத்துக்குத் திரும்பாது. வரைபடத்துல சொன்னா, குறுகிய கால அளிப்புக்கோடு அப்படியே மேல நகர்ந்துடுச்சு. நிஜத்துலயும் 1970-ல் சராசரி வேலையின்மை சுமார் 4.9 சதவீதத்துக்கு ஏறிச்சு, பணவீக்கமோ 5.7 சதவீதத்துல நின்னுச்சு. அந்த வருஷம் வட்டி ஏற்றமும் செலவுக் குறைப்பும் சேர்ந்து மந்தம் இருந்தது, அதையும் கணக்குல சேர்த்துக்கணும். ஆனாலும் மந்தத்துல விலை ஏன் அடங்கலைங்கிற கேள்விக்கு, அப்போ ஒண்ணு ஒண்ணா புதுப்பிச்சுக்கிட்டிருந்த கூலி ஒப்பந்தங்கள் பதில்ல பெரிய பங்கு.

இங்கே இன்னொரு விஷயம். எல்லா ஒப்பந்தமும் ஒரே நாள்ல முடியறதில்லை. காருக்கு இந்த வருஷம், இரும்புக்கு அடுத்த வருஷம், லாரி ஓட்டுநருக்கு வேற தேதி. அதனால விலைவாசி ஏமாத்தின செய்தி எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகும், கூலி தவணை தவணையாத்தான் எட்டிப் பிடிக்கும். குறுகிய காலம்னு சொல்றது ஒரு மாசமோ ரெண்டு மாசமோ இல்லை, சில வருஷங்கள் ஏன் ஆகுதுன்னா இதனாலதான்.

இந்த விளக்கம் எங்கே தடுக்குது?

அழகான மாடல்தான், ஆனா ஒரு சோதனை வச்சுப் பார்க்கணும். நம்ம கதைப்படி, வேலை பெருகுற காலத்துல உண்மைக் கூலி குறையணும். எப்பவும் அப்படியா?

1938-ல் ஜான் டன்லப், 1939-ல் லோரி டார்ஷிஸ், ரெண்டு பேரும் நிஜத் தரவுகளை எடுத்துப் பார்த்தாங்க. கெய்ன்ஸ் தன்னோட புத்தகத்துல கூலி பற்றிச் சொன்ன கருத்தைச் சோதிக்கிறதுதான் நோக்கம். அவங்களுக்குக் கிடைச்ச பதில் மாடலுக்கு ஒத்துழைக்கலை. நல்ல காலத்துல உண்மைக் கூலி தெளிவா இறங்கக் காணோம். கெய்ன்ஸே 1939-ல் இதை எடுத்து, தன் பழைய நிலையை மறுபடி யோசிக்க வேண்டியிருக்குன்னு எழுதினார்.

காரணம் யூகிக்கலாம். கூலி மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கிறதில்லை, பல கடைகள்ல விலையும் சீக்கிரம் மாறுறதில்லை. ஓவர்டைமுக்குக் கூடுதல் ரேட் கொடுக்கணும். ஒப்பந்தம் இல்லாத வேலைகள்ல கூலி உடனே ஏறும். அதனால இன்னைக்கு ஒட்டும் கூலியை, ஒட்டும் விலை மாதிரியான வேற காரணங்களோட சேர்த்துத்தான் பார்க்கிறாங்க. ஆனா எல்லா வழியும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான்: யாரோ ஒருத்தர் பழைய எதிர்பார்ப்புல ஒரு எண்ணை எழுதிட்டார், அதை உடனே மாத்த முடியலை.

கூலியை விலைவாசியோடவே கட்டிட்டா பிரச்சினை தீராதான்னு கேட்பீங்க. பாதி தீரும். முழுசா கட்டிட்டா ஏமாற்றத்துக்கு இடமே இல்லை, `a` பூஜ்யத்துக்குப் பக்கத்துல போயிடும். ஆனா விலை ஏறுறதுக்குக் காரணம் கூடுதல் தேவையா இல்லாம, 1973 எண்ணெய் நெருக்கடி மாதிரி பொருளே கிடைக்காத நிலைமைன்னா? அப்போ நாடு நிஜமாவே கொஞ்சம் ஏழையாயிருக்கு, உண்மைக் கூலி கொஞ்சம் இறங்கணும். கட்டிப்போட்ட கூலி அதை இறங்க விடாது. அதுக்குப் பதிலா வேலை போகும்.

திரும்ப என் லெட்டருக்கு

இப்போ நேயரோட கேள்விக்குப் பதில் தெளிவா இருக்கும்னு நினைக்கிறேன். நாடு இயல்பு அளவைத் தாண்டிப் போறது புதுசா திறமை வந்ததால இல்லை. கையெழுத்துப் போட்டவங்க நினைச்சதைவிட விலை ஓடிட்டதால. அதுல ஐம்பத்தொண்ணாவது ஆள்லேருந்து ஐம்பத்தாறாவது ஆள் வரைக்கும் வேலை கிடைக்குது, அது நிஜமான நன்மை. அதுக்கான செலவு, ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஐம்பது பேரோட கூலியிலிருந்து சத்தமில்லாம கழியுது.

என் லெட்டருக்கும் ஒரு `Pe` இருக்கு. யாரும் அதை அச்சடிச்சுத் தர்றதில்லை. அடுத்த ஏப்ரல்ல எட்டோ ஒன்பதோ வரும்போது, “இந்த எண்ணுக்குள்ள எவ்வளவு பணவீக்கத்தை எதிர்பார்த்திருக்கீங்க?”ன்னு ஹெச்ஆர்கிட்ட கேட்கப்போறேன். பதில் வருமான்னு தெரியாது. ஆனா 1967-ல் அந்த ஒரு எண்ணுல ஏமாந்தவங்க, அதைத் திரும்ப வாங்க 67 நாள் தெருவுல நின்னாங்க. கேட்டு வைக்கிறது சுலபம்.

அடுத்த எபிசோட்ல, எதிர்பார்ப்பை மக்கள் எப்படி மாத்திக்கிறாங்கன்னு பார்க்கலாம். கேள்விகளை அனுப்புங்க.